ஒரு கிராம் கரியில் 29 சென்ட்

அந்த ஆராய்ச்சி மாணவர் என் மேசையில் இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளை வைத்தார். இரண்டிலும் கறுப்புத் தூள். இரண்டுமே கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, அந்தக் கரியைச் சுமார் 900 டிகிரியில் நீராவியில் வேகவைத்து எடுத்தவை. ஒன்றைக் குறைந்த நேரமும் மற்றொன்றைக் கூடுதல் நேரமும் வைத்திருந்தார். நொடிகளில் மின்னேற்றம் பெற்று நொடிகளில் வெளிவிடும் சூப்பர் கெப்பாசிட்டருக்கு இவற்றால் மின்முனை செய்வதுதான் அவருடைய வேலை.

"சார், ரெண்டுக்கும் பரப்பு ஒண்ணுதான் வருது. ஆனா ஒண்ணு பாதி சார்ஜ்தான் பிடிக்குது. மெஷின்ல ஏதும் கோளாறா?"

அவர் 'மெஷின்' என்றது வாயுவைக் கொண்டு பரப்பளவு அளக்கும் கருவியை. பல வருடங்கள் அதை இயக்கியவன் என்பதால், இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. அது எதை எண்ணுகிறது என்பதில்தான் சிக்கல்.

ஒரு தூளின் பரப்பளவை எப்படி அளப்பது? துகளை உருண்டையாகக் கொண்டு கணக்குப் போட்டால், மாவு போல அரைத்த கரியில் ஒரு கிராமுக்குச் சில சதுர மீட்டருக்கு மேல் தேறாது. ஆனால் இந்தக் கரி உள்ளுக்குள் முழுக்கத் துளை. நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒரு மீட்டரை நூறு கோடியாகக் கூறு போட்டால் வரும் நானோமீட்டர் அளவில் பிளவுகளை உண்டாக்கிவிடுகிறது. அந்தச் சுவர்களையெல்லாம் அளக்க அளவுகோல் உள்ளே நுழைய வேண்டும். நுழையக்கூடிய அளவுகோல் வாயு மூலக்கூறு ஒன்றுதான்.

வேலை இப்படி நடக்கும். பென்சில் போல நீண்டு, அடியில் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு தூளைப் போடுகிறோம். வெற்றிடத்தில் வைத்து 300 டிகிரி சூட்டில் இரவு முழுவதும் விட்டு, துளைகளில் ஏற்கெனவே குடியிருக்கும் ஈரத்தையும் காற்றையும் வெளியேற்றுகிறோம். வெற்றிடத்தை அவசரமாகத் திறந்தால் கரித்தூள் குழாயில் புகை போல மேலெழும்பி வால்வு வரை ஏறிவிடும். பிறகு அரை நாள் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஈரம் போன பிறகு எடை போடுவது கட்டாயம். துளைக்கரி காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட இழுத்து வைத்திருக்கும். முன்னால் போட்ட எடையையே கணக்கில் எழுதினால், தண்ணீரையும் கரியாக எண்ணி, பரப்பு அந்த அளவுக்குக் குறைந்து வரும். அறிக்கையைப் பார்த்து இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க வழியில்லை. எடை எப்போது போட்டீர்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

பிறகு குழாயைத் திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவையில் இறக்குகிறோம். கழித்தல் 196 டிகிரி. கண்ணாடி முதலில் தொடும்போது நைட்ரஜன் கொதித்துச் சீறும், பிறகு அடங்கும். அளவு தெரிந்த நைட்ரஜன் வாயுவைச் சிறுகச் சிறுகக் குழாய்க்குள் விடுகிறோம். ஒவ்வொரு முறையும் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. இருப்பது அதைவிடக் குறைவு. காணாமல் போன வாயுதான் கரியின் சுவர்களில் ஒட்டிக்கொண்டது. இந்த ஒட்டுதலைப் பள்ளிப் பாடத்தில் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்போம். அந்தக் குளிரில் நைட்ரஜன் மூலக்கூறு களைத்துப்போன பறவை மாதிரி; எந்தச் சுவர் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடும்.

சுவர் முழுவதும் ஒரே ஒரு அடுக்கு மூலக்கூறு படிந்ததும் நிறுத்த முடிந்தால், எண்ணிக்கையை எடுத்து, ஒரு மூலக்கூறு பிடிக்கும் இடத்தால் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும். நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று 0.162 சதுர நானோமீட்டர் இடம் பிடிப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். அதன்படி, சாதாரண வெப்ப அழுத்தத்தில் ஒரு கன சென்டிமீட்டர் நைட்ரஜன் ஒற்றை அடுக்காகப் படிந்தால் 4.35 சதுர மீட்டரை மூடும். ஆனால் முதல் அடுக்கு முடியுமுன்பே அதன் தலைமேல் இரண்டாவது அடுக்கு ஏறத் தொடங்கிவிடுகிறது. முதல் அடுக்கு எங்கே முடிந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்வி பிறந்த இடம் ஒரு வினையூக்கி. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அரசின் நைட்ரஜன் ஆய்வுக்கூடத்தில் பால் எம்மெட், ஸ்டீபன் புருனாவர் என்ற இருவர், அம்மோனியா தயாரிப்புக்கான இரும்பு வினையூக்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரும்பில் கொஞ்சம் அலுமினா, கொஞ்சம் பொட்டாசியம் ஆக்சைடு சேர்த்தால் வேலை பல மடங்கு கூடுகிறது. கூடுவது பரப்பு அதிகமானதாலா, பரப்பின் தன்மை மாறியதாலா? இதற்கு விடை காண பரப்பை அளந்தாக வேண்டும். முதலில் வளைகோட்டின் முழங்கால் மடியும் இடத்தைக் கண்ணால் பார்த்து, இங்கேதான் முதல் அடுக்கு முடிகிறது என்று குறித்தார்கள். அந்தக் கண்மதிப்புக்கு ஒரு கணக்கு வேண்டுமே என்று, அதே ஊரில் இருந்த எட்வர்ட் டெல்லரைச் சேர்த்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டோடு பெயர் இணைந்த அதே டெல்லர்தான். மூவரும் 1938-ல் வெளியிட்ட கட்டுரையின் சமன்பாடுதான், அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் இன்றும் பி.இ.டி. என்று வழங்குகிறது. அடுக்கின் மேல் அடுக்கு ஏறுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அளந்த புள்ளிகளை ஒரு நேர்க்கோடாக மாற்றித் தருகிறது அது. கோட்டின் சாய்வையும், அது செங்குத்து அச்சைத் தொடும் அளவையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் முதல் அடுக்குக்குத் தேவையான வாயுவின் அளவு வந்துவிடும்.

அந்த ஆய்விலேயே எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது வேறொன்று. நைட்ரஜன் எல்லாச் சுவரிலும் பாரபட்சமில்லாமல் உட்காரும். எது இரும்பு, எது அலுமினா என்று பார்க்காது. அதனால் அவர்கள், இரும்பைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடைத் தனியாகச் செலுத்தி, இரும்புப் பரப்பை மட்டும் எண்ணினார்கள். எடையில் சொற்பமாக இருந்த கலப்புப் பொருள்கள் பரப்பில் பெரும் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. மொத்தப் பரப்பு ஒன்று, வேலை செய்யும் பரப்பு இன்னொன்று என்பதை, இந்த முறையைக் கண்டுபிடித்தவர்களே தொடக்கத்தில் அளந்து காட்டிவிட்டார்கள்.

மாணவரின் குப்பிகளுக்கு வருவோம். குறைந்த நேரம் வெந்த கரிக்கு அவர் முதலில் கொண்டுவந்த அறிக்கையில் ஒரு கிராமுக்கு 920 சதுர மீட்டர் என்று இருந்தது. அந்த எண்ணைவிட அதன் கீழே 'C' என்று போட்டிருந்த மாறிலிதான் என் கண்ணை இழுத்தது. நைட்ரஜன் சுவரோடு எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது என்பதைக் காட்டும் எண் அது. கழித்தல் குறியோடு இருந்தது. ஒட்டும் பலம் பூச்சியத்துக்குக் கீழே போக வழியே இல்லை. கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்தக் கழித்தல் குறி போதும்.

நடந்தது இதுதான். நைட்ரஜன் திரவமாகவே மாறிவிடும் அழுத்தத்தை 1 என்று வைத்தால், 0.05 முதல் 0.30 வரையுள்ள புள்ளிகளைக் கருவியின் மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். சாதாரண அலுமினா, சிலிக்கா தூள்களுக்கு அது சரி. இந்தக் கரியிலோ மிக ஒடுங்கிய துளைகள். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் இழுப்பதால், அழுத்தம் 0.01-ஐத் தொடுவதற்குள்ளேயே பெரும்பகுதி நிரம்பிவிட்டது. ஒரு கிராம் கரி 0.01-ல் 250 கன சென்டிமீட்டர் பிடித்திருந்தது, 0.05-ல் 280, 0.30-ல் 310. 0.05-க்குப் பிறகு நிகழ்வது கடைசிச் சில பேர் வந்து சேர்வது மட்டும்தான்; அந்தப் பகுதியில் கோடு போட்டு முதல் அடுக்கைத் தேடினால் எங்கே கிடைக்கும்? 0.01-லிருந்து 0.05 வரையுள்ள புள்ளிகளுக்குக் கோட்டைப் போட்டோம். மாறிலி நேர்க்குறிக்கு வந்தது. முதல் அடுக்கு 271 கன சென்டிமீட்டர். அதை 4.35-ஆல் பெருக்க ஏறக்குறைய 1,180 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் 29 சென்ட் நிலம், ஒரு கிராம் கரியில். கூடுதல் நேரம் வெந்த கரிக்கும் இதே போலத் திருத்தியதில் 1,210 வந்தது. ஆகப் பரப்பு இரண்டிலும் ஒன்றுதான் என்று மாணவர் சொன்னது, திருத்திய பிறகும் நின்றது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு ஒடுங்கிய துளையில் அடுக்கு என்ற பேச்சே சரியாகப் பொருந்தாது. சுவருக்குச் சுவர் ஒரு மூலக்கூறு மட்டும் செருகும் பிளவில், அந்த ஒரே மூலக்கூறு இரண்டு சுவரையும் தொடுகிறது. பரப்பு குறைத்து எண்ணப்படுகிறது. கொஞ்சம் அகன்ற பிளவில் நடுவே சுவரையே தொடாத மூலக்கூறுகளும் சேர்ந்து எண்ணப்பட, பரப்பு கூடிவிடுகிறது. கிராஃபைட்டை ஒற்றைத் தாள்களாகப் பிரித்து இருபுறமும் எண்ணினாலே ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான் வரும். 3,000-க்கு மேல் பரப்புள்ள கரி என்று அறிக்கைகள் சொல்லும்போது, அதில் ஒரு பகுதி சுவரல்ல, நடுவே நிரம்பிய வாயு. ஒரே வகைத் தூள்களை ஒன்றோடொன்று ஒப்பிட இந்த எண் நல்ல துணை. அதை நில அளவை போல அப்படியே நம்பினால் ஏமாந்துபோவோம்.

எனவே துளை அகலத்தைப் பார்த்தோம். கூடுதல் நேரம் வெந்த கரியின் வளைகோடு முழங்காலில் மென்மையாக வளைந்து ஏறியது. பெரும்பாலான துளைகள் 0.8 முதல் 1.5 நானோமீட்டர், கூடவே கொஞ்சம் அகன்ற துளைகளும். குறைந்த நேரம் வெந்ததன் கோடு சட்டென்று ஏறிப் படுத்துவிட்டது. இந்த அளவு ஒடுக்கத்தில் நைட்ரஜன் அந்தக் குளிரில் நகரவே சிரமப்படும். ஒரு புள்ளி சமநிலைக்கு வர மணிக்கணக்காகும், அவசரப்பட்டால் பொய்க்கணக்கு வரும். ஆகவே அதே கரியைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த சூட்டில், அதாவது பூச்சியம் டிகிரியில், கார்பன் டை ஆக்சைடு கொண்டு மறுபடி அளந்தோம். வெப்பம் கூடுதலாக இருப்பதால் அந்த மூலக்கூறு சுறுசுறுப்பாக ஓடி இடுக்குகளில் புகுந்துவிடும். துளைகளில் பெரும்பாலானவை 0.5, 0.6 நானோமீட்டர் என்று காட்டியது.

மாணவரின் கெப்பாசிட்டரில் இருந்தது அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் கரைத்த ஒரு உப்பு. அதன் நேர்மின் அயனி டெட்ராஎத்தில்அம்மோனியம். கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும்போது அது சுமார் 1.3 நானோமீட்டர், அவற்றை உதறிவிட்டுத் தனியாக நின்றாலும் 0.67. நைட்ரஜனோ 0.36 தான். 29 சென்ட் நிலம் இருப்பது மெய். ஆனால் அதற்குள் போகும் வாசலில் நைட்ரஜன் நுழையும், அயனி நுழையாது. கெப்பாசிட்டர் மின்னூட்டத்தைத் தேக்குவது அயனி சுவரருகே வந்து நிற்பதால்தான். சுவர் இருந்தும் அயனி வராவிட்டால் அந்தச் சுவர் இல்லாத மாதிரிதான்.

இந்த முடிவைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு, அதையும் செய்தோம். இரண்டு கரிகளையும் நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்துச் சோதித்தோம். அங்கே உள்ள அயனிகள் சிறியவை. முந்தைய திரவத்தில் ஒன்று ஒரு கிராமுக்கு 92 ஃபாரட், மற்றொன்று 47 ஃபாரட் என்று காட்டியவை, அமிலத்தில் ஏறக்குறைய ஒன்றாக நின்றன. கரியில் பழுதில்லை, இரண்டு திரவங்களில் ஒன்றுக்கு மட்டும் வாசல் அடைத்திருந்தது என்று அப்போது உறுதியானது.

அப்படியானால் வாசலை அகலமாகத் திறந்துவிட்டால் போதுமா? வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள்: அயனி தன் கரைப்பான் கூட்டத்தோடு வசதியாக நுழையும் அளவு துளை வேண்டும் என்று. 2006-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்து யூரி கொகோட்சி, பிரான்சின் துலூஸ் நகரத்து பாட்ரிஸ் சீமோன் ஆகியோரின் குழு, துளை அகலத்தைத் துல்லியமாக அடக்கியாளக்கூடிய கரிகளைச் செய்து பார்த்தது. துளை ஒரு நானோமீட்டருக்குக் கீழே போகப் போக, அளந்த பரப்பில் சதுர அலகுக்குத் தேங்கும் மின்னூட்டம் குறையவில்லை, ஏறியது. அயனி கரைப்பானை உதறிவிட்டு, தன் உடம்பளவே உள்ள பிளவில் சுவரை ஒட்டி நிற்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆக, துளை அயனியின் அளவுக்குப் பொருந்தும்போது பலன் உச்சத்துக்குப் போகிறது. அதற்கு ஒரு மயிரிழை கீழே இறங்கினால் கதவு மூடிக்கொள்கிறது. பரப்பு என்ற ஒரே எண்ணில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

வினையூக்கியிலும் கதை இதுதான், அளவுதான் வேறு. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்கும் கனத்த எண்ணெயிலிருந்து கந்தகத்தையும் உலோகங்களையும் நீக்க, அலுமினாவின் மேல் மாலிப்டினம் ஏற்றிய வினையூக்கி பயன்படுகிறது. அங்கே வந்து சேரும் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் அகலமுள்ள பூதங்கள். வனேடியத்தையும் நிக்கலையும் சுமந்து வருபவை. 5 நானோமீட்டர் துளையோடு பரப்பு மிகுந்த அலுமினா காகிதத்தில் அழகாக இருக்கும். உலையில் போட்டால் அந்த உலோகம் துளையின் வாயிலேயே படிந்து, உள்ளே இருக்கும் அவ்வளவு பரப்பையும் தொடாமலே பூட்டிவிடும். அதனால் முதலில் வரும் படுகையில் பரப்பைத் தியாகம் செய்து, அகன்ற துளை கொண்ட வினையூக்கியை வைக்கிறார்கள்.

இந்த அகன்ற துளைகளில் நைட்ரஜன் அடுக்கு மட்டும் கட்டுவதில்லை; அழுத்தம் ஏறும்போது திடீரென்று திரவமாகி நிரம்புகிறது. எந்த அழுத்தத்தில் நிரம்புகிறது, இறக்கும்போது எந்த அழுத்தத்தில் காலியாகிறது என்பதிலிருந்து அகலம் கணக்கிடலாம். காலியாகும் கோட்டைக் கொண்டு கணக்கிடும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. 0.42-ஐ ஒட்டிய அழுத்தத்தில், துளை எவ்வளவு அகலமானாலும் உள்ளே உள்ள நைட்ரஜன் திரவத்தால் தாக்குப்பிடிக்க முடியாமல் உடைந்து வெளியேறிவிடும். அதனால் வரைபடத்தில் 3.8 நானோமீட்டர் அருகே ஒரு கூர்மையான சிகரம் எழும்பும். அந்த அகலத்தில் அங்கே துளையே இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிகரத்தைத் தன் புதுப் பொருளின் சிறப்பாகக் காட்டும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். நிரம்பும் கோட்டிலும் அதே சிகரம் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்தாலே போதும்.

பரப்பு வேண்டாம் என்று ஓடும் இடமும் உண்டு. லித்தியம்-அயனி பேட்டரியின் எதிர்முனைக் கிராஃபைட்டுக்கு, ஒரு கிராமுக்குச் சில சதுர மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். முதல் மின்னேற்றத்தின்போது திரவம் சிதைந்து அந்தப் பரப்பு முழுவதும் ஒரு மெல்லிய படலம் கட்டும். படலத்துக்கான லித்தியம் பேட்டரியின் கையிருப்பிலிருந்தே போகிறது. பரப்பு கூடினால் இழப்பும் கூடும். அங்கேயும் தூள் வந்ததும் முதலில் நடப்பது இதே அளவீடுதான், எண் சிறியதாக வருகிறதா என்று பார்க்க.

மாணவர் குறைந்த நேரம் வெந்த கரியில் மீதம் இருந்ததை எடுத்துப்போய், இன்னும் 40 நிமிடம் நீராவியில் வைத்துக் கொண்டுவந்தார். நீராவி கொஞ்சம் கரியைத் தின்றிருந்தது, எடை குறைந்திருந்தது. பரப்பு 1,320. கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. துளைகள் மட்டும் 0.7, 0.8-க்கு நகர்ந்திருந்தன. மின்முனையாகத் தட்டி அதே பழைய திரவத்தில் சோதித்தபோது 47 இருந்த இடத்தில் 96 வந்தது. மூன்றாவது குப்பியின் மேல் அவர் ஒட்டிய சீட்டில் பரப்பளவை எழுதவில்லை. துளை அகலத்தையும், அது எந்த வாயுவில் எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதையும் எழுதியிருந்தார்.